கூட ஒரு ஆள் உட்காரட்டுமா?

"இவங்க ட்ரெய்னி. கூட உட்கார்ந்து பாக்கட்டும், உங்களுக்கு ஓகேதானே?"

கவுன்சலிங் அறைக்குள் சைக்காலஜி மாணவரை உட்கார வைக்க நான் பார்த்த பல இடங்களில் கேட்கப்படும் அனுமதி இந்த ஒரு வரிதான். கேட்கும்போது அந்த மாணவி ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மடியில் நோட்டுப் புத்தகம், கையில் பேனா. எதிரே இருப்பவர் அவரையும் பார்ப்பார், கவுன்சலரையும் பார்ப்பார், "பரவால்ல மேடம்" என்பார். ஃபைலில் "ஒப்புதல் பெறப்பட்டது" என்று டிக் விழுந்துவிடும்.

என்னைக் கேட்டால் இது ஒப்புதலே இல்லை. வந்தவரின் மரியாதை உணர்வை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக் கொள்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடறீங்கதானே" என்று டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்பதுபோல. யார் வேண்டாம் என்பார்கள்?

புனேயில் கவுன்சலராக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் எம்.ஏ. சைக்காலஜி மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். என்னிடமும் சக கவுன்சலர்களிடமும் அவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: இன்டர்ன் அறைக்குள் இருப்பது கவுன்சலர் கொடுக்கும் அனுமதியால் அல்ல, கிளையண்ட் கொடுக்கும் அனுமதியால். இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் எப்படிக் கேட்பது, என்ன எழுதுவது, எழுதியதை எங்கே வைப்பது என்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருடைய தகவல்களை ரகசியமாக வைத்திருப்பது அவருடைய உரிமை என்கிறது. கூடவே சில விதிவிலக்குகளையும் சொல்கிறது. அவர் நியமித்த பிரதிநிதிக்குச் சொல்லலாம். இன்னொருவருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். கோர்ட் உத்தரவு இருந்தால் சொல்லலாம். மற்ற மருத்துவ, மனநலப் பணியாளர்களுக்கும் சொல்லலாம், ஆனால் எதற்காக? அவர்கள் அந்த நபருக்குச் சிகிச்சை கொடுப்பதற்காக.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்டர்ன் சிகிச்சை கொடுக்கவா உட்கார்ந்திருக்கிறார்? இல்லை, கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் அப்படியே நடக்கும். ஆகவே "அவங்களும் நம்ம டீம்தான்" என்று சொல்லி அவரை அந்த விதிவிலக்குக்குள் நுழைக்க முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே வாசல் கிளையண்டின் சம்மதம்தான். பரீட்சை பயம், கல்யாணப் பிரச்சினை என்று வருகிறவர்களை மனநோய் உள்ளவர்கள் என்று சொல்ல மாட்டோம், சட்டத்தின் எழுத்து அவர்களைத் தொடாமல் போகலாம். அதனால் அவர்களுக்கு ரகசியம் குறைந்துவிடுமா என்ன? ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே நியாயம்.

அதே சட்டம் ஒப்புதல் என்றால் என்ன என்பதையும் சொல்கிறது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, தவறான தகவல் எதுவும் இல்லாமல், போதுமான விவரங்களை அவருக்குப் புரியும் மொழியிலும் புரியும் விதத்திலும் சொன்ன பிறகு பெறுவதுதான் ஒப்புதல். சட்டம் இதைச் சிகிச்சைக்கான ஒப்புதலைப் பற்றித்தான் சொல்கிறது. ஆனால் கூட ஆள் உட்காருவதற்கு இதைவிடக் குறைவான அளவுகோல் போதும் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. "புரியும் மொழி" என்பது எங்களைப் போல வெளி மாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய விஷயம். மராத்தி பேசும் ஊரில், ஹிந்தி பேசும் கவுன்சலர், ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தைத் தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்த ஒரு அம்மாவிடம் நீட்டினால் அவர் கையெழுத்துப் போடுவார். போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

சரி, எப்படித்தான் கேட்பது?

ஒன்று, இன்டர்ன் கண்ணில் படாத நேரத்தில் கேட்க வேண்டும். அப்பாயின்ட்மென்டை உறுதி செய்ய ஃபோன் பண்ணும்போதே கேட்டுவிடுவது உத்தமம். முடியாவிட்டால் அன்றைக்கு, இன்டர்ன் வேறு அறையில் இருக்கும்போது கேட்கலாம். கேட்டுவிட்டு ஒரு ஐந்து, பத்து நிமிஷம் யோசிக்க விட வேண்டும். வாசலில் நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருப்பதும் அழுத்தம்தான்.

இரண்டு, முழுசாகச் சொல்ல வேண்டும். நான் தமிழில் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இங்க ஒரு எம்.ஏ. மாணவி படிப்புக்காக வந்திருக்காங்க. அவங்க பேர் இது, படிக்கிற காலேஜ் இது, குடியிருக்கிற ஏரியா இது. நீங்க சரின்னா நாம பேசும்போது ஓரமா உட்கார்ந்து கேப்பாங்க, நடுவுல பேச மாட்டாங்க. அப்புறமா நான் எப்படி வேலை பார்த்தேன்னு சின்னதா குறிப்பு எழுதுவாங்க. அதுல உங்க பேரு, ஊரு, வேலை எதுவும் இருக்காது, அந்த நோட்டு இந்த இடத்தை விட்டு வெளிய போகாது. அவங்க என்கிட்ட மட்டும் இதைப் பத்திப் பேசுவாங்க. நீங்க வேண்டாம்னா அவங்க வர மாட்டாங்க. நேரம், ஃபீஸ், நான் பாக்குறது எதுவும் மாறாது. இப்ப சரின்னு சொல்லிட்டு பாதியில வேண்டாம்னு தோணினாலும் சொல்லலாம், காரணம் கேக்க மாட்டேன்."

மூன்று, புரிந்ததா என்று கேட்கக் கூடாது. "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். "அவங்க டாக்டரா ஆகப் போறாங்க, என்னைச் செக் பண்ணுவாங்க" என்று பதில் வந்தால் சொன்னது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கையெழுத்து இதெல்லாம் முடிந்த பிறகுதான். வேண்டாம் என்றால் ஃபைலில் "பார்வையாளர் இல்லை" என்ற ஒரு வரி போதும், காரணம் எழுதத் தேவையில்லை. காரணத்தை எழுதி வைத்தால் அடுத்த முறை யாராவது அதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள்.

தம்பதி கவுன்சலிங்கில் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கணவர் சரி என்று மனைவி வாய் திறக்கவில்லை என்றால் அது "வேண்டாம்". பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும், கூடவே அந்தப் பிள்ளையையும் தனியாகக் கேட்க வேண்டும். அம்மா சரி என்று பையன் வேண்டாம் என்றால் பையன் சொன்னதுதான் செல்லும்.

உங்கள் இடத்தில் கேட்கும் முறை சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லை என்றால், "எங்க கிளையண்ட்ஸ் எல்லாம் ரொம்ப கோஆபரேட்டிவ்" என்று சந்தோஷப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல நீங்கள் இடமே விடவில்லை. :-)

சரி என்று சொன்ன பிறகும் சம்மதம் மாறலாம். கிளையண்ட் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இன்டர்னை ஒரு பார்வை பார்க்கிறாரா? தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் முக்கியமான இடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறாரா? "அதை அப்புறம் சொல்றேன் மேடம்" என்கிறாரா? அந்த மூன்றாவது ஆள் இடைஞ்சலாக இருக்கலாம். "அவங்க வெளிய போகட்டுமா" என்று கேட்டு மறுபடி அவர் தலையில் பொறுப்பைக் கட்டக் கூடாது. முன்கூட்டியே பேசி வைத்த ஒரு வார்த்தையைக் கவுன்சலர் சொன்னால் ("கொஞ்சம் ரிசப்ஷன்ல பாத்துக்கறீங்களா" மாதிரி) இன்டர்ன் எழுந்து போய்விட வேண்டும். உட்காரும் இடமும் முக்கியம். கிளையண்டின் முதுகுக்குப் பின்னால் உட்காரவே கூடாது. தலையைத் திருப்பினால் தெரிகிற மாதிரி, ஆனால் நேர்ப் பார்வையில் இல்லாத மாதிரி, சாய்வாக ஒரு நாற்காலி.

மேலே நான் சொன்னதில் ஒரு விஷயம் உங்களுக்கு விநோதமாகப் பட்டிருக்கலாம். இன்டர்னின் பெயரையும் ஏரியாவையும் கிளையண்டிடம் ஏன் சொல்ல வேண்டும்?

வெளியூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது உடனே புரியும். புனேயில் கட்கி, ராஸ்தா பேட் பக்கம் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஐ.டி. வந்த பிறகு வந்த கூட்டம் தனி. ஊர் என்னவோ பெரிசு, ஆனால் தமிழ் ஊர் சின்னது. அதே முருகன் கோயில், அதே பொங்கல் விழா, அதே மாவுக் கடை, அதே பஸ் டிக்கெட் ஏஜென்ட். இந்த நிலைமையில் கவுன்சலர் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்வார்: "உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்னு தமிழ்ப் பொண்ணையே கூட உட்கார வெச்சிருக்கேன்." அவருக்கு அது உபசாரம். வந்த அம்மாவுக்கோ வயிற்றில் புளி கரைக்கும். மராத்திப் பெண் என்றால் கேட்டுவிட்டு மறந்துபோவாள். தமிழ்ப் பெண் என்றால் அவளுடைய அம்மா நம் சங்கத்தில் இருக்கலாம், அவளுடைய சித்தி நம் பில்டிங்கில் இருக்கலாம்.

அதனால் தகவல் போகும் திசை முக்கியம். கிளையண்ட் யார், எங்கிருந்து வருகிறார் என்று இன்டர்னிடம் முதலில் சொல்லி "உனக்குத் தெரிஞ்சவங்களா" என்று கேட்பது தப்பு. அந்தக் கேள்வியே ரகசியத்தை உடைத்துவிடும். இன்டர்ன் யார் என்று கிளையண்டுக்கு முதலில் தெரியட்டும். அவருக்குத் தெரிந்த குடும்பம் என்றால் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார். அதையும் மீறி அறைக்குள் பார்த்தபிறகுதான் தெரிந்தது என்றால், இன்டர்ன் பேசி வைத்த காரணத்தைச் சொல்லி எழுந்துவிட வேண்டும். "அக்கா, நீங்க நம்ம..." என்று ஆரம்பித்தாலே எல்லாம் போச்சு. பின்னால் கோயிலில் பார்த்தால்? முதலில் சிரிப்பது, கும்பிடுவது எல்லாம் கிளையண்டின் உரிமை. அவர் பார்க்காத மாதிரிப் போனால் நீங்களும் பார்க்காத மாதிரிப் போங்கள். பக்கத்தில் நிற்கும் மாமியார் "யாரும்மா அந்தப் பொண்ணு" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது நோட்ஸ். என் அனுபவத்தில் ரகசியம் வாய் வழியாகப் போவதைவிடக் காகிதம் வழியாகப் போவதுதான் ஜாஸ்தி.

ஒரு சென்டரில் மூன்று விதமான எழுத்து இருக்கும். முதலாவது கிளையண்டின் ஃபைலில் கவுன்சலர் எழுதும் செஷன் நோட்ஸ்: தேதி, என்ன பேசினோம், ஆபத்து ஏதும் உண்டா, அடுத்து என்ன செய்யப் போகிறோம். இது அதிகாரபூர்வ பதிவு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை அந்த நபருக்குக் கொடுக்கிறது, ஆகவே எழுதும்போதே அவர் படிப்பார் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். இரண்டாவது, கவுன்சலர் தன் யோசனைக்காக எழுதிக்கொள்வது. மூன்றாவது, இன்டர்னின் கற்றல் குறிப்பு. குழப்பமெல்லாம் வருவது இந்த மூன்றாவதில். ஏனென்றால் மாணவர்கள் அதை முதலாவதைப் போல எழுதுகிறார்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். இது எந்த ஒரு நபரும் இல்லை, பல குறிப்புகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சேர்த்து நானே கட்டியது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நம்பும் ஒரு மாணவி இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"கிளையண்ட் எல்., பெண், 41 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். கட்கியில் குவார்ட்டர்ஸ். கணவர் அரசுத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். மகன் 12-ஆம் வகுப்பு, மகளுக்குக் காது கேட்காது. கணவரின் தம்பி போன வருஷம் இறந்ததிலிருந்து தூக்கம் இல்லை. மாமியார் மேல் கோபம். மிகவும் டிப்ரஸ்டாக இருக்கிறார். கணவர் பற்றிப் பொய் சொல்கிறார் என்று தோன்றுகிறது. 4.20-க்கு அழுதார்."

பெயர் இல்லைதான். ஆனால் கட்கி குவார்ட்டர்ஸில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்திடம் இதைக் காட்டினாலும் இரண்டாவது வரியில் ஊகித்து, நான்காவது வரியில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். கோவில்பட்டி, ஃபோர்மேன், காது கேட்காத மகள் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரே வீடுதான். அடையாளம் என்பது பெயரில் இல்லை, இந்தச் சேர்க்கையில் இருக்கிறது.

இரண்டாவது குறை, பார்த்ததும் நினைத்ததும் கலந்து கிடக்கிறது. "டிப்ரஸ்ட்" என்பது ஒரு நோய்க் கணிப்பாகப் படிக்கப்படும் வார்த்தை, அதைச் சொல்லும் தகுதி இன்டர்னுக்கு இல்லை. "பொய் சொல்கிறார்" என்பது தீர்ப்பு. பார்த்தது என்ன? கணவரைப் பற்றி முதலில் ஒன்று சொன்னார், பத்து நிமிஷம் கழித்து வேறு சொன்னார். அவ்வளவுதான். பயத்திலும் மாறும், வெட்கத்திலும் மாறும், அப்போதுதான் ஞாபகம் வந்தும் மாறும்.

மூன்றாவது குறைதான் பெரிசு. இந்தக் குறிப்பில் கவுன்சலர் எங்கே? ஒரு மணி நேரம் அவர் என்ன செய்தார்? ஒரு வரி இல்லை. இன்டர்ன் கற்க வந்தது அந்த அம்மாவின் வாழ்க்கையை அல்ல, கவுன்சலிங் செய்வது எப்படி என்பதை. அதே ஒரு மணி நேரத்தை இப்படி எழுதலாம்:

"பார்வை எண் 7. நடுவயதுப் பெண், குடும்பத்தில் ஒரு மரணத்துக்குப் பிறகு தூக்கக் குறைவு. தொடக்கத்தில் கவுன்சலர் ரகசியத்தின் எல்லைகளை மறுபடி சொன்னார். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொன்ன விவரம் பின்னால் மாறியபோது கவுன்சலர் அதைச் சுட்டிக்காட்டவில்லை, 'இதைச் சொல்றது கஷ்டமா இருக்கு போல' என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அழுதார். ஒரு நிமிஷத்துக்கு மேல் மௌனம், கவுன்சலர் அதை நிரப்பவில்லை. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டார். எனக்குள்: அந்த மௌனத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. கேட்க வேண்டியது: முரண்பாட்டை ஏன் சுட்டிக்காட்டவில்லை?"

ஊர் இல்லை, வேலை இல்லை, மகள் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையும் இருக்கிறது, சொல்லப்போனால் முதல் குறிப்பைவிட அதிகமாகவே இருக்கிறது. ரகசியம் காப்பதும் நன்றாகக் கற்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறோம். இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்படி இல்லை. உயிர் ஆபத்து பற்றிக் கேட்டதற்கு வந்த பதில் இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது கவுன்சலர் ஃபைலில் எழுத வேண்டியது, இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது.

எழுதும் முறைக்கும் சில விதிகள். செஷனின்போது எழுதாதீர்கள். பேனா நகரும் ஒவ்வொரு முறையும் "இதைப் போய் எழுதறாளே" என்று கிளையண்டின் மனசு அங்கே போய்விடும். முடிந்ததும், அன்றைக்கே, சென்டரிலேயே உட்கார்ந்து எழுதி, அங்கேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு கவுன்சலரிடம் வேறு இடத்தில் இருக்கட்டும், உங்களுக்கு அது தேவையே இல்லை. ஃபோனில் எழுதவே எழுதாதீர்கள். ஃபோனில் எழுதியது எங்கெங்கே பேக்கப் ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நோட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஃபோனை வீட்டில் தம்பி கேம் விளையாட எடுப்பான்.

"இது என் சொந்தக் குறிப்புதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்றும் நினைக்க வேண்டாம். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் இருக்கும் சட்டப் பாதுகாப்பு நம் நாட்டில் கவுன்சலருக்கும் கிளையண்டுக்கும் நடுவில் இல்லை. விவாகரத்து வழக்கோ குழந்தை யாரிடம் என்ற வழக்கோ வந்து கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். அப்படிக் கேட்ட பிறகு கிழித்துப் போடுவது குற்றமாகிவிடும். ஆகவே இன்டர்ன்ஷிப் முடிந்து மதிப்பெண் வந்ததும் கற்றல் குறிப்புகளைச் சூப்பர்வைசர் முன்னால் அழித்துவிடுவது என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அதைக் கிளையண்டிடமும் சொல்ல வேண்டும். அதற்கும் மேலான பாதுகாப்பு, எழுதக் கூடாததை எழுதாமல் இருப்பது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதில் இன்டர்னையும் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசிலோ சிறார் போலீஸ் பிரிவிலோ சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவு. கவுன்சலர் மட்டும் என்று அது சொல்லவில்லை, தெரிந்த எவரும் என்கிறது. இன்டர்ன் தனியாக வராந்தாவில் நின்று ஃபோன் பண்ண வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. செஷன் முடிந்த உடனே கவுன்சலரிடம் பேச வேண்டும், இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும், தகவல் போய்ச் சேர்ந்ததா என்று இன்டர்ன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "நான் வெறும் ஸ்டூடண்ட்" என்பது பதில் ஆகாது. இந்த எல்லையை முதல் செஷன் தொடங்கும் முன்பே கிளையண்டிடம் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு அவர் எதைச் சொல்வது என்று அவரே தீர்மானிப்பார்.

"இப்படியெல்லாம் கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், பிள்ளைகள் எப்படித்தான் கற்பது" என்று சக கவுன்சலர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் நேராகக் கேட்டால் சரி என்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். "என் மாதிரி கஷ்டப்படறவங்களுக்கு நாளைக்கு இந்தப் பொண்ணு உதவுமில்ல" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சம்மதத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. எண்ணிக்கை குறையும் என்பதை மறுக்கவில்லை. குறையட்டும். நாலு செஷன் பார்த்து நாலையும் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து பேசுவது, நாற்பது செஷனில் மூலையில் உட்கார்ந்து எழுதிக் குவிப்பதைவிட மேல். மிச்ச நேரத்துக்கு ரோல் ப்ளே இருக்கிறது. இன்டர்ன் ஒரு நாள் கிளையண்டாக உட்கார்ந்து, மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் சொந்தச் சின்னக் கவலை ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும். எதிரே ஓரத்தில் ஒரு பேனா இருப்பது எப்படி இருக்கும் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கல்லூரிகளுக்கு ஒன்று. சில துறைகள் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் கிளையண்ட் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்கின்றன. ஏமாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சியாம். அறுபது பக்கத்துக்குப் பெயரை மறைத்து எழுதிவிட்டு, அறுபத்தோராவது பக்கத்தில் முழுப் பெயர், கையெழுத்து, தேதி எல்லாம் வைத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் டிபார்ட்மென்ட் அலமாரியில் அடுக்குகிறோம். அடுத்த வருஷ மாணவர்கள் "மாதிரி"க்கு எடுத்துப் பார்க்கிறார்கள். ஒப்புதலை நிரூபிக்கும் காகிதமே ரகசியத்தை உடைக்கிறது. படிவம் சென்டரில்தான் இருக்க வேண்டும். "இத்தனை செஷன்களுக்கும் ஒப்புதல் பெறப்பட்டது, படிவங்கள் எங்களிடம் உள்ளன" என்று சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஒரே ஒரு கடிதம் ரிப்போர்ட்டில் போதும்.

துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருஷ ரிப்போர்ட்டுகள் பைண்டிங்குக்குப் போகும் முன் அந்தப் பின்னிணைப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். அலமாரியில் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்தும் அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.